அவுட்லையர் இழுக்கும் ரெக்ரஷன்: அறிகுறியைப் பார்த்து இழப்புச் சார்பைச் சரிசெய்வது எப்படி

இலக்கு மதிப்புகளில் அவுட்லையர் இருந்தால் வர்க்க இழப்பை விட்டுவிட்டு ஹூபர், போலி ஹூபர், லாக்-காஷ் போன்ற மென்மையான, வலுவான இழப்புக்கு மாறுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். மாறுவது ஒரு வரி வேலைதான். மாறிய பிறகு வரும் கோளாறுகள்தான் நேரத்தைத் தின்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: எந்த அளவைத் தாண்டிய பிழையைப் பெரிய பிழையாகக் கருதுவது என்று தீர்மானிக்கும் டெல்டா என்ற அந்த ஓர் எண் எந்த அலகில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு தரவை வைத்துக்கொண்டு அறிகுறி அறிகுறியாகப் பார்ப்போம். பெல்ஜியத்திலிருந்து 1950 முதல் 1973 வரை ஆண்டுதோறும் பேசப்பட்ட பன்னாட்டுத் தொலைபேசி அழைப்புகளின் எண்ணிக்கை அது. ஆர் மொழியின் `MASS` தொகுப்பில் `phones` என்ற பெயரில் இருக்கிறது. மொத்தம் 24 வரிகள்; அலகு மில்லியன்; ஆண்டுகள் 50 முதல் 73 வரை இரண்டு இலக்கங்களில் இருக்கின்றன. 1950-இல் 4.4, 1962-இல் 16.1 என்று சீராக ஏறிவந்த எண், 1964-இல் திடீரென்று 119 ஆகிறது. 1969-இல் 212-ஐத் தொடுகிறது. 1971-இல் 24-க்கு இறங்கிவிடுகிறது. பெல்ஜியக்காரர்கள் ஆறு ஆண்டுகள் மட்டும் ஓயாமல் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. 1964 முதல் 1969 வரை அழைப்புகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக, பேசிய மொத்த நிமிடங்களைப் பதிவுசெய்துவிட்டார்கள். இரண்டு ஓரங்களிலும் உள்ள 1963, 1970 ஆகிய ஆண்டுகளிலும் இந்தக் கலப்பு ஓரளவு இருக்கிறது.

கீழே வரும் எண்களை நீங்களே சரிபார்க்க இது போதும்:

```r
library(MASS)
lm(calls ~ year, data = phones)
rlm(calls ~ year, data = phones, maxit = 50)
rlm(calls ~ year, data = phones, method = "MM", maxit = 50)
```

அறிகுறி: நல்ல புள்ளிகளின் எச்சங்கள் வரிசையாக ஒரே குறியில் வருகின்றன

வர்க்க இழப்பு கொடுக்கும் கோட்டின் சாய்வு 5.04, வெட்டு −260.06. இந்தக் கோட்டின்படி 1950-இல் அழைப்புகள் −8 மில்லியன். எதிர்மறை எண்ணிக்கையில் யாரும் தொலைபேச முடியாது. 1973-க்கு அது சொல்வது 108. உண்மையில் இருந்தது 29.

ஆனால் இவ்வளவு வெளிப்படையான அபத்தம் எல்லாத் தரவிலும் கிடைக்காது. அதனால் நான் முதலில் பார்ப்பது எச்சங்களின் குறியைத்தான். 1953 முதல் 1963 வரை பதினோரு ஆண்டுகளும் தொடர்ந்து எதிர்மறை. 1964 முதல் 1969 வரை ஆறும் பெரிய நேர்மறை. பிறகு 1970 முதல் 1973 வரை நான்கும் பெரிய எதிர்மறை. பிழைகள் தற்செயலானவை என்றால் இப்படிக் கட்டம் கட்டி நிற்காது. சில புள்ளிகள் கோட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு போக, மற்றவற்றில் பெரும்பாலானவை அதன் கீழே விடப்பட்டிருக்கின்றன.

காரணம் வர்க்க இழப்பின் வகைக்கெழுவில் இருக்கிறது. எச்சம் r என்றால் இழுவையும் r. எச்சம் நூறு மடங்கானால் இழுவையும் நூறு மடங்கு. போலி ஹூபரில் இழுவைக்கு உச்சவரம்பு உண்டு:

```
L(r)   = δ² · (√(1 + (r/δ)²) − 1)
L'(r)  = r / √(1 + (r/δ)²)
L''(r) = (1 + (r/δ)²)^(−3/2)
```

எச்சம் டெல்டாவைவிட மிகச் சிறியதாக இருந்தால் இது வர்க்க இழப்பு போலவே நடந்துகொள்ளும். மிகப் பெரியதாக இருந்தால் இழுவை டெல்டாவைத் தாண்டாது. 1964-இல் பீட்டர் ஹூபர் முன்வைத்த மூல வடிவமும் இதையேதான் செய்கிறது; ஆனால் அதில் டெல்டா வரும் இடத்தில் இரண்டாம் வகைக்கெழு 1-இலிருந்து 0-க்குச் சட்டென்று விழுகிறது. போலி ஹூபரும் லாக்-காஷும் அந்த மடிப்பை நீவிவிட்ட வடிவங்கள். கிரேடியன்ட் இறக்கத்துக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. இரண்டாம் வகைக்கெழுவை நம்பி நடக்கும் முறைகளுக்கு அது பெரிய பொருட்டு. கீழே பூஸ்டிங் பகுதியில் அதைப் பார்க்கலாம்.

அறிகுறி: இழப்பை மாற்றிவிட்டேன், ஆனால் கோடு கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே இருக்கிறது

டெல்டா பெரிதாக இருக்கிறது. எல்லா எச்சங்களும் அதற்குள் அடங்கிவிட்டால் நீங்கள் இன்னும் வர்க்க இழப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், பெயர் மட்டும் வேறு.

இது எப்படி நேர்கிறது என்பது சுவையானது. பாடநூல் விதி ஒன்று உண்டு: டெல்டா = 1.345 × சிதறல். பிழைகள் இயல்நிலைப் பரவலாக இருந்தால் வர்க்க இழப்பின் செயல்திறனில் 95 விழுக்காட்டை ஹூபர் தக்கவைத்துக்கொள்ளும் அளவு அது. சரி, சிதறலுக்கு எதைப் போடுவது? கையில் தயாராக இருப்பது எச்சங்களின் திட்டவிலக்கம். பெல்ஜியத் தரவில் அது 56.2. 1.345-ஆல் பெருக்கினால் டெல்டா 75.6.

இப்போது எந்தெந்த ஆண்டுகளின் இழுவை வெட்டப்படும்? கெட்ட ஆண்டுகளில் 1967, 1968, 1969 மூன்றும் வெட்டப்படும். 1964, 1965, 1966 தப்பிவிடும். அவற்றின் எச்சங்கள் 56, 56, 69. அதைவிடக் கொடுமை, 1972, 1973 ஆகிய இரண்டு நல்ல ஆண்டுகளின் எச்சங்கள் −76, −79. அவை வெட்டுக்குள் வந்துவிடும்! கெட்ட புள்ளிகளே திட்டவிலக்கத்தை ஊதிப் பெரிதாக்கிவிட்டு, அந்த ஊதிய அளவுகோலால் தம்மையே அளந்து தப்பித்துக்கொள்கின்றன.

திட்டவிலக்கத்துக்குப் பதிலாக எச்சங்களின் தனிமதிப்புகளுடைய இடைநிலை அளவை எடுத்து 1.4826-ஆல் பெருக்குங்கள். இயல்நிலைப் பரவலில் இது திட்டவிலக்கத்துக்குச் சமமாக வரும். ஆனால் தரவில் பாதிக்குக் குறைவான பகுதி கெட்டுப்போனாலும் இது கட்டுமீறி ஊதிப்போகாது.

ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. வர்க்க இழப்பின் எச்சங்களிலிருந்தே இந்த அளவை ஒருமுறை எடுத்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. பெல்ஜியத் தரவில் அந்த எச்சங்களின் தனிமதிப்புகளுடைய இடைநிலை அளவு 34.5, 1.4826-ஆல் பெருக்கினால் 51. திட்டவிலக்கம் தந்த 56-க்கும் இதற்கும் என்ன பெரிய வேறுபாடு? கோடு ஏற்கெனவே சாய்ந்துவிட்டதால் நல்ல புள்ளிகளின் எச்சங்களும் பெரிதாகிவிட்டன. அதனால் சிதறலைக் கணக்கிட்டு, கோட்டைப் பொருத்தி, புதிய எச்சங்களிலிருந்து மீண்டும் சிதறலைக் கணக்கிட்டு என்று நிலைபெறும் வரை சுற்ற வேண்டும். `rlm` இதைத்தான் செய்கிறது. சுற்றி முடிந்ததும் சிதறல் 9.03-இல் நிற்கிறது, டெல்டா சுமார் 12.1. சாய்வு 5.04-இலிருந்து 2.04-க்கு இறங்கிவிடுகிறது.

பைத்தானில் அதே சுற்று:

```python
import numpy as np
from scipy.optimize import least_squares

def robust_line(x, y, rounds=50):
    res = lambda p: p[0] + p[1] * x - y
    p = np.array([np.median(y), 0.0])
    for _ in range(rounds):
        s = 1.4826 * np.median(np.abs(res(p)))
        p = least_squares(res, p, loss="soft_l1",
                          f_scale=1.345 * s).x
    return p, s
```

சைப்பையின் `soft_l1` என்பது மேலே எழுதிய போலி ஹூபரேதான்; `f_scale` தான் டெல்டா. `x`-ஐ அதன் சராசரியைக் கழித்துவிட்டு அனுப்புங்கள். 1.345 என்பது ஹூபருக்குக் கணக்கிட்ட எண் என்பதால் போலி ஹூபரில் 95 விழுக்காடு அச்சாக வராது. தொடக்கப் புள்ளியாக அது போதுமானது. அதைத் திருத்திக்கொண்டு உட்காருவதைவிடச் சிதறலைச் சரியாக எடுப்பதில்தான் பலன் இருக்கிறது. இன்னொன்று, `method="lm"` என்று கொடுத்திருந்தால் சைப்பை இந்த இழப்பை ஏற்காது.

நூலகங்களின் இயல்பு மதிப்புகளை நம்பியும் இங்கே ஏமாறலாம். சைக்கிட்-லேர்னின் `GradientBoostingRegressor`-இல் `loss="huber"` கொடுத்தால் `alpha` 0.9. லைட்ஜிபிஎம்மில் `objective="huber"` கொடுத்தாலும் `alpha` 0.9. பெயரும் ஒன்று, எண்ணும் ஒன்று, பொருள் மட்டும் வேறு. முதலாவதில் அது எச்சங்களின் தனிமதிப்புகளுடைய 90-ஆவது நூற்றுமானம்; அதாவது மிகப் பெரிய பத்து விழுக்காடு எச்சங்கள் மட்டும் வெட்டப்படும். கெட்ட புள்ளிகள் கால் பங்கு இருக்கும் பெல்ஜியத் தரவில் அது எந்த மூலைக்குப் போதும்? இரண்டாவதில் அதுவே டெல்டா, இலக்கின் அலகிலேயே 0.9. ஒன்றிலிருந்து மற்றதற்கு அமைப்புகளை அப்படியே நகலெடுத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த அறிகுறி.

அறிகுறி: பூஸ்டிங் மாதிரி எல்லா வரிக்கும் ஏறக்குறைய ஒரே விடையைத் தருகிறது

இது முந்தையதற்கு நேரெதிர்: டெல்டா மிகச் சிறியது. எக்ஸ்ஜிபூஸ்ட்டில் `reg:pseudohubererror` போட்டவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

பெல்ஜிய எண்களை மில்லியனில் வைக்காமல் தனி அழைப்புகளாகவே வைத்திருப்பதாகக் கொள்வோம்: 44,00,000 என்பது போல. வரிகளும் ஆயிரக்கணக்கில் இருக்கட்டும். எக்ஸ்ஜிபூஸ்ட்டில் டெல்டாவின் பெயர் `huber_slope`, இயல்பு மதிப்பு 1. அப்படியென்றால் ஒரே ஓர் அழைப்பு விலகினாலே அது அவுட்லையர் என்று சொல்கிறீர்கள். எச்சம் ஒரு கோடி, அதாவது 10⁷ என்று வைத்து இரண்டாம் வகைக்கெழுவைக் கணக்கிட்டால் 10⁻²¹ வருகிறது.

எக்ஸ்ஜிபூஸ்ட் ஒவ்வொரு கிளையிலும் இந்த இரண்டாம் வகைக்கெழுக்களைக் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகை `min_child_weight`-ஐ எட்டாவிட்டால் அங்கே பிரிக்காது. அதன் இயல்பு மதிப்பு 1. வர்க்க இழப்பில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டாம் வகைக்கெழு 1 என்பதால் இந்த நிபந்தனை "ஒரு வரியாவது இருக்க வேண்டும்" என்று எளிதாகப் போய்விடும். இங்கேயோ அதை நிறைவேற்ற 10²¹ வரிகள் தேவை. மரம் வளராது, எல்லா வரிக்கும் ஆரம்ப மதிப்பே விடையாக நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் எரிச்சல்.

உறுதிசெய்வது எளிது. பயிற்சிக்குப் பின் கணிப்புகளின் பெருமமும் சிறுமமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றென்றால், `model.get_booster().get_dump()` கொடுத்து ஒவ்வொரு மரமும் ஒற்றை இலையோடு நிற்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் சிலர் `min_child_weight`-ஐ 0 ஆக்குவார்கள். மரம் வளரும், ஆனால் வியாதி போகாது. இலையின் மதிப்பு என்பது முதல் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகையை, இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகையோடு `lambda`-வைச் சேர்த்து வகுத்து வருவது. `lambda` 1, இலையில் 1,000 வரிகள், எல்லா எச்சங்களும் ஒரே பக்கம் என்றால் இலையின் மதிப்பு 1,000, `eta` 0.3 என்றால் ஒரு மரத்துக்கு 300 அழைப்புகள் நகரும். ஒரு கோடியைக் கடக்க 33,000 மரங்களுக்கு மேல் ஆகும். `lambda`-வையும் 0 ஆக்கினால் வகுக்கும் எண் கிட்டத்தட்ட சுழியாகி, விடை 10²¹ பக்கம் பறந்துவிடும்.

லைட்ஜிபிஎம் இந்தச் சுவரில் முட்டாது. அதன் ஹூபரில் இரண்டாம் வகைக்கெழுவாக 1-ஐயே வைத்துக்கொள்கிறார்கள். அங்கே அறிகுறி வேறு மாதிரி வரும்: டெல்டா 0.9, கற்றல் வீதம் 0.1 என்பதால் ஓர் இலை ஒரு மரத்தில் அதிகபட்சம் 0.9 × 0.1 = 0.09 அலகுதான் நகர முடியும். 100 மரங்கள் சேர்ந்தும் 9 அலகு. அதனால் கணிப்புகள் எல்லாம் சராசரியைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டைக்குள் அடங்கிக் கிடக்கும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. இலக்கைப் பயிற்சிக்கு முன் அலகு நீக்கி அனுப்புங்கள்:

```python
m = np.median(y_train)
s = 1.4826 * np.median(np.abs(y_train - m))
z_train = (y_train - m) / s
# கணிப்பை மீட்க: pred * s + m
```

இப்போது டெல்டா 1 என்பது பொருளுள்ள எண். எச்சம் டெல்டாவுக்குச் சமமாக இருக்கும்போது இரண்டாம் வகைக்கெழு 0.35, மூன்று மடங்காக இருக்கும்போது 0.03. மரம் தாராளமாக வளரும். `m`, `s` இரண்டையும் பயிற்சித் தரவிலிருந்து மட்டும் எடுங்கள். இலக்கில் பாதிக்கு மேல் ஒரே மதிப்பாக இருந்தால் (மழையளவில் சுழிகள் போல) `s` சுழியாகிவிடும். அப்போது சுழியல்லாத வரிகளிலிருந்து அதை எடுக்க வேண்டும். இந்த `s` இலக்கின் சிதறலே தவிர எச்சத்தின் சிதறல் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். மாதிரி நன்றாகப் பொருந்தினால் எச்சங்கள் இதைவிடச் சிறியவையாக இருக்கும்; முதல் ஓட்டத்துக்குப் பின் எச்சங்களின் தனிமதிப்புகளுடைய இடைநிலை அளவைப் பார்த்து டெல்டாவைக் குறைத்து ஒருமுறை மீண்டும் ஓட்டுங்கள்.

அறிகுறி: பயிற்சியின் நடுவே இழப்பு `inf` அல்லது `nan` ஆகிவிடுகிறது

லாக்-காஷை எழுத்து மாறாமல் `log(cosh(r))` என்று எழுதியிருப்பீர்கள். 32 பிட் எண்களில் எச்சம் 90-ஐத் தொட்டாலே `cosh` கொள்ளளவைத் தாண்டிவிடும். 64 பிட்டில் 711-இல் தாண்டும். அவுட்லையரைத் தாங்குவதற்காக எழுதிய இழப்பு அவுட்லையரைக் கண்டதும் உடைந்துவிடுகிறது. அதே சார்பை இப்படி எழுதினால் உடையாது:

```python
def log_cosh(r):
    a = np.abs(r)
    return a + np.log1p(np.exp(-2 * a)) - np.log(2.0)
```

போலி ஹூபரில் இதே தொல்லை 16 பிட் பயிற்சியில் வரும். அங்கே பெரும எண் 65,504. எச்சம் டெல்டாவைப் போல் 256 மடங்கு ஆனதும் வர்க்கம் 65,536 ஆகிக் கொள்ளளவை மீறும். இழப்பு கணக்கிடும் வரியை மட்டும் 32 பிட்டுக்கு மாற்றிவிட்டால் போதும். லாக்-காஷில் டெல்டாவே இல்லையே என்று மகிழ வேண்டாம்; அது 1 பக்கம் உள்ளே மறைந்திருக்கிறது. அதனால் மேலே சொன்ன அலகு நீக்கம் அதற்கும் தேவை.

அறிகுறி: சோதனைத் தரவில் பிழை கூடிவிட்டது

எந்தப் பிழை? வர்க்கமூலச் சராசரிப் பிழையைப் பார்த்துவிட்டு "வலுவான இழப்பு மோசம்" என்று திரும்பிப் போகிறவர்கள் பலர். சோதனைத் தரவிலும் அவுட்லையர் இருந்தால் அந்த அளவை அவற்றின் கையில்தான் இருக்கிறது. பெல்ஜியத் தரவு முழுவதையும் வைத்து அந்தப் பிழையைக் கணக்கிட்டால், நேர்கோடுகளில் சாய்வு 5.04 உள்ள கோடு எப்போதும் வெல்லும்; அதைக் குறைப்பதற்காகவே அந்தக் கோடு தேர்ந்தெடுக்கப்பட்டது.

எச்சங்களின் தனிமதிப்புகளுடைய இடைநிலை அளவைப் பாருங்கள். வர்க்க இழப்பின் கோட்டில் அது 34.5. ஹூபரில் சுமார் 6. கீழே வரப்போகும் எம்எம் முறையில் சுமார் 1. இந்த ஓர் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எச்சங்களை வரைபடமாகப் போட்டு, தரவின் பெரும்பகுதிக்குக் கோடு பொருந்துகிறதா என்று கண்ணாலும் பாருங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு கணிப்பும் ஏற்கத்தக்கதாக இருக்கிறது, ஆனால் கூட்டினால் மொத்தம் குறைகிறது

இதில் கோளாறு இழப்பில் இல்லை, அதைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. காப்பீட்டுக் கோரிக்கை, மருத்துவச் செலவு, வெள்ள நீரளவு போன்றவற்றில் பெரிய மதிப்புகள் பதிவுப் பிழைகள் அல்ல, உண்மையில் நடந்தவை. ஒன்பது கோரிக்கைகள் தலா 10,000 ரூபாய், ஒன்று 1,00,000 ரூபாய் என்றால் சராசரி 19,000. வலுவான இழப்பு 10,000-ஐ ஒட்டி நிற்கும். அதை நம்பிப் பணம் ஒதுக்கினால் 1,90,000 தர வேண்டிய இடத்தில் கையில் இருப்பது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்.

பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வர்க்க இழப்பு தேடுவது சராசரியை. வலுவான இழப்பு, டெல்டா குறையக் குறைய, இடைநிலை அளவை நோக்கிப் போகும். ஆகவே மாறுவதற்கு முன் அந்தப் பெரிய மதிப்பைப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது மீண்டும் வந்தால் நான் கணக்கில் எடுக்க வேண்டுமா, அல்லது யாரோ தவறாக எழுதிவிட்டார்களா? முதலாவது என்றால் காமா பரவல் போன்ற, வால் நீண்ட பரவலுக்கான மாதிரியைப் பயன்படுத்துங்கள். பெல்ஜியத் தரவு சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தும் கோடு பாதி தூரம்தான் திரும்பியது

ஹூபரின் சாய்வு 2.04 என்றேன். அது கொடுக்கும் கோடு 1973-க்கு 46 என்கிறது, உண்மை 29. 1950-க்கு இன்னும் சற்றே எதிர்மறை. 5.04-ஐவிட எவ்வளவோ மேல், ஆனால் சரியல்ல. டெல்டாவை மேலும் நோண்டுவதற்கு முன் இழுவைகளை எண்ணிப் பாருங்கள்.

ஆறு கெட்ட ஆண்டுகளும் வெட்டப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றும் மேல்நோக்கி 12.1 அளவுக்கு இழுக்கிறது, மொத்தம் 73. இழுவை வெட்டப்பட்டதே ஒழிய ஒழிக்கப்படவில்லை. எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டியவை 1971, 1972, 1973; அவற்றின் எச்சங்கள் −17, −18 அளவில் இருப்பதால் அவையும் டெல்டாவைத் தாண்டிவிட்டன. நல்ல புள்ளிகளும் தலா −12.1-க்கு வெட்டப்பட்டு, மொத்தம் −36 மட்டுமே தருகின்றன. மீதியை 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளின் சிறு சிறு எச்சங்கள் சேர்ந்து சமன்செய்கின்றன. அதற்காகத்தான் கோடு அவற்றுக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. 24-இல் 6 என்பது கால் பங்கு. அந்த ஆறும் ஒரே திசையில், காலத்தின் ஒரே முனைக்கு அருகே, கூட்டமாக நிற்கின்றன. ஹூபர் குடும்பத்தால் இதற்கு மேல் முடியாது. போலி ஹூபருக்கும் லாக்-காஷுக்கும் இதே வரம்புதான்.

இங்கே தேவைப்படுவது எச்சம் பெரிதாகப் பெரிதாக இழுவை சுழிக்கே திரும்பிவிடும் இழப்பு. டூக்கியின் இருவர்க்க எடை அந்த வகை. சிதறலைப் போல் 4.685 மடங்குக்கு மேல் போன புள்ளியை அது அறவே கண்டுகொள்ளாது. விலை ஒன்று உண்டு. இந்த இழப்புகள் குவிந்தவை அல்ல, பல பள்ளங்கள் இருக்கும். 5.04 கோட்டிலிருந்து தொடங்கினால் தவறான பள்ளத்தில் விழுந்து, நல்ல புள்ளிகளையே அவுட்லையர் என்று ஒதுக்கிவிடக்கூடும். எம்எம் முறை, கால் பங்குக்கு மேல் கெட்டாலும் தாங்கும் ஒரு மதிப்பீட்டில் தொடங்கி, சிதறலையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டு, பிறகு டூக்கிக்கு நகர்கிறது. `method = "MM"` தரும் விடை: சாய்வு 1.10, வெட்டு −52.4, சிதறல் 2.13. 1973-க்கு 27.9, 1962-க்கு 15.8, உண்மை 16.1. ஆறு கெட்ட ஆண்டுகளும் பளிச்சென்று தனியே தெரிகின்றன. அவற்றோடு 1970-உம் 18 மில்லியன் விலகி நிற்கிறது.

நரம்பு வலைப்பின்னலிலோ பூஸ்டிங்கிலோ எம்எம் கிடைக்காது. அங்கே நான் செய்வது: முதலில் போலி ஹூபரில் பயிற்றுவிப்பது, எச்சங்களின் சிதறலை இடைநிலை அளவிலிருந்து எடுப்பது, அதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் விலகிய வரிகளைப் பட்டியலிட்டுத் தரவு எங்கிருந்து வந்ததோ அவர்களிடம் கேட்பது. பதில் கிடைத்தால் அந்த வரிகளைத் திருத்தலாம், அல்லது "பதிவு முறை வேறு" என்று ஒரு தனி நிரலைச் சேர்க்கலாம். பதில் கிடைக்காவிட்டால் இழப்பில் அந்த வரிகளின் எடையைச் சுழியாக்கி, முதல் கட்டத்தில் கிடைத்த மாதிரியிலிருந்தே மறுபடியும் பயிற்றுவிக்கலாம். பட்டியலில் வரும் வரிகள் ஆண்டு வாரியாகவோ கருவி வாரியாகவோ கிளை அலுவலக வாரியாகவோ கொத்தாக நின்றால், எடையைத் தொடுவதற்கு முன் அந்தக் கொத்தின் அலகைச் சரிபாருங்கள்.